“2017 எடிஷன், சில இடங்களில் மார்க்கிங், கண்டிஷன் நன்று”: திரும்பி வந்த ஒரு பாடநூலின் விற்பனைக் குறிப்பு

காரைக்குடியில் ஒரு வீட்டிலிருந்து விற்பனைக்கு வந்த வெப்பப் பரிமாற்றப் பாடநூல் இது. மெக்கானிக்கல் படிப்பவர்கள் மூன்றாம் ஆண்டில் கையிலெடுக்கும் வகை. ஆங்கில நூல், எஸ்.ஐ. அலகுகளில் அமைந்த இந்திய மலிவுப் பதிப்பு, பேப்பர்பேக். விற்றவர் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார். நூல் ஐந்தாறு வருடமாக அப்பச்சி வீட்டுப் பரணில், ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது. முதலில் அவர் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்:

“ஹீட் டிரான்ஸ்ஃபர் புக். 2017 எடிஷன். சில இடங்களில் மார்க்கிங். கண்டிஷன் நன்று. ₹500. தபால் செலவு தனி.”

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் பணம் அனுப்பி வாங்கினார். நூல் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் செய்தி வந்தது: “அண்ணா, எங்க சார் குடுத்த 4.27 இந்த புக்ல வேற கணக்கா இருக்கு. 3-வது சேப்டர் கணக்குக்கெல்லாம் ஆன்சர் பேனால எழுதியிருக்கு. நடுவுல விரிச்சுப் பிடிச்சாலும் சமன்பாட்டு நம்பர் தெரியல.” நூல் திரும்பி வந்தது. பணமும் திரும்பிப் போனது. இரு வழித் தபால் செலவு விற்றவர் தலையில் விழுந்தது.

அந்தக் குறிப்பில் பொய் என்று ஒரு சொல் கூட இல்லை. 2017 என்ற ஆண்டு நூலில் அச்சாகியிருக்கிறது, மார்க்கிங் இருக்கிறது, அட்டையும் கிழியவில்லை. ஆனாலும் வாங்கியவர் சொன்ன மூன்று குறைகளும் உண்மை. அந்த மூன்று குறைகள் குறிப்பின் மூன்று சொற்களுக்குள்ளேதான் ஒளிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

2017 என்பது எதன் ஆண்டு

பாடநூலைத் திறந்ததும் உள்முகப்புப் பக்கம் வரும். அதன் பின்பக்கம்தான் பதிப்புரிமைப் பக்கம். விற்பவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான், அட்டையை அல்ல. இந்த நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் நான்காம் பதிப்பு 2011 என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மறுஅச்சு ஆண்டுகள் 2012, 2014, 2017 என்று வரிசையாக இருந்தன. விற்றவரின் கண் கடைசி எண்ணில் நின்றுவிட்டது.

பதிப்பும் மறுஅச்சும் ஒன்றல்ல. பதிப்பு மாறினால் உள்ளடக்கம் மாறும். அத்தியாயம் சேரலாம், பயிற்சிக் கணக்குகள் மாறலாம், அட்டவணை எண்கள் நகரலாம். மறுஅச்சு என்பது அதே பக்கங்களை மறுபடி அச்சடிப்பது. மிஞ்சினால் சில அச்சுப்பிழைகள் திருத்தப்பட்டிருக்கும். இந்த நூலின் ஐந்தாம் பதிப்பு 2015-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான்காம் பதிப்பின் இந்திய மலிவு அச்சு ஓடிக்கொண்டிருந்ததால், பழைய பதிப்பு நூலில் புதிய பதிப்பை விடப் பிந்தைய ஆண்டு உட்கார்ந்துகொண்டது. வாங்கியவர் “2017” என்று படித்ததும், 2015-க்குப் பிந்தையது, ஆகவே ஐந்தாம் பதிப்பு என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சில நூல்களில் மறுஅச்சு ஆண்டுகள் வரிசையாக இருக்காது. அதற்குப் பதில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்பது போல ஓர் எண் வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1 இருந்தால் முதல் அச்சு. 1, 2, 3 ஆகியவை நீங்கி 4-இல் முடிந்தால் நான்காம் அச்சு. இதை “நான்காம் பதிப்பு” என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அந்த வரிசைக்குப் பதிப்போடு தொடர்பே இல்லை.

பாடநூல் வாங்குபவருக்குப் பதிப்பு எண்ணை விட முக்கியமான ஒன்று உண்டு: வகுப்பில் ஆசிரியர் சொல்லும் கணக்கு எண் இந்த நூலில் இருக்குமா என்பது. பாடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெப்பக் கடத்தல் விதி பதிப்புக்குப் பதிப்பு மாறப்போவதில்லை. மாறுவது அத்தியாயக் கடைசியிலுள்ள பயிற்சிக் கணக்குகள். ஐந்தாம் பதிப்பில் நான்காம் அத்தியாயத்தில் புதுக் கணக்குகள் இடையிடையே செருகப்பட்டதால் 4.27 எங்கோ தள்ளிப் போய்விட்டது. படித்துப் புரிந்துகொள்ள மட்டும் வாங்குபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வீட்டுப்பாடக் கணக்குப் போடுபவருக்கு இந்த ஒரு காரணமே நூலைத் திருப்பி அனுப்பப் போதும். ஆகவே குறிப்பில் “நான்காம் பதிப்பு” என்பதோடு நிறுத்தாமல், “ஐந்தாம் பதிப்பிலிருந்து கணக்கு எண்கள் மாறுகின்றன” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். புதிய பதிப்பு கையில் இல்லாவிட்டாலும் பதிப்பகத்தின் பக்கத்தில் பொருளடக்கம் பார்க்கக் கிடைக்கும். அத்தியாயத் தலைப்புகளையும் பக்க எண்களையும் ஒப்பிட்டாலே எவ்வளவு மாறியிருக்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

அடுத்தது ஐஎஸ்பிஎன். பதிப்பு மாறினால் இந்த எண் மாறும். மறுஅச்சுக்கு மாறாது. கெட்டி அட்டைக்கும் பேப்பர்பேக்குக்கும் வெவ்வேறு எண். வெளிநாட்டுப் பதிப்புக்கும் இந்திய மலிவுப் பதிப்புக்கும் வெவ்வேறு எண். ஆகவே இந்த எண்ணைச் சரியாகக் கொடுத்தாலே வாங்குபவரின் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். பார்கோடுக்கு மேலே இருப்பதை அப்படியே எழுதுவதோடு, பதிப்புரிமைப் பக்கத்தில் இருப்பதோடும் ஒப்பிட வேண்டும். அட்டை மாற்றிக் கட்டிய நூலில் இரண்டும் வேறுபடலாம்.

பழைய நூல்களில் இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. 2007-க்கு முன் அச்சானவற்றில் பெரும்பாலும் பத்து இலக்க எண்தான் இருக்கும். தளங்கள் பதின்மூன்று இலக்கம் கேட்கும். உடனே முன்னால் 978 சேர்த்துவிடுவார்கள், தேடினால் நூல் வராது. காரணம், கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு எண். பதின்மூன்று இலக்கத்துக்கு அதை வேறு முறையில் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் 0-306-40615-2 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். கடைசி 2-ஐ நீக்கி முன்னால் 978 சேர்த்தால் 978030640615 என்று பன்னிரண்டு இலக்கம் வரும். இடமிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 93. அடுத்த பத்தின் மடங்கான 100-ஐ எட்ட இன்னும் 7 வேண்டும். ஆகவே சரியான எண் 978-0-306-40615-7. பழைய 2-ஐயே கடைசியில் விட்டிருந்தால் அந்த எண்ணில் ஒரு நூலும் கிடைக்காது.

நமது நூலின் பின்னட்டையில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், இலங்கையில் மட்டும் விற்பனைக்கு என்ற வரியும் இருந்தது. இதையும் குறிப்பில் எழுதிவிட வேண்டும். வெளிநாட்டுப் பதிப்பு என்று எண்ணி வாங்குபவர் தாளின் தரத்தைப் பார்த்ததும் ஏமாந்துபோவார். அவரோடு பிறகு மல்லுக்கு நிற்பதை விட முன்னாலேயே சொல்லிவிடுவது எளிது.

“சில இடங்களில்” என்றால் எத்தனை இடம்

மார்க்கிங்கை எண்ணத் தெரியாததால்தான் பலர் “சில இடங்களில்” என்று எழுதுகிறார்கள். கோடுகளை எண்ணி முடியாது, மார்க்கிங் உள்ள பக்கங்களை எண்ணலாம். நூலை மூன்று தடவை புரட்ட வேண்டும். முதல் தடவை பாடப் பக்கங்கள் மட்டும், இரண்டாம் தடவை பயிற்சிக் கணக்குப் பக்கங்கள் மட்டும், மூன்றாம் தடவை பின்னிணைப்பு அட்டவணைகள். ஒரே மூச்சில் புரட்டினால் கண் பழகிப்போய் பென்சில் கோடுகள் தப்பிவிடும். 846 பக்கமுள்ள இந்த நூலுக்கு மூன்று தடவையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது.

கிடைத்த கணக்கு இது. பாடத்தில் 61 பக்கங்களில் மஞ்சள் ஹைலைட்டர், அதில் 52 பக்கம் முதல் நான்கு அத்தியாயங்களில். ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் நூல் கிட்டத்தட்டக் கைபடாமல் இருந்தது. 40 பக்கங்களில் பென்சில் அடிக்கோடும் ஓரக்குறிப்பும். பயிற்சிப் பகுதியில் மூன்றாம், நான்காம் அத்தியாயத்தில் மட்டும் 38 கணக்குகளுக்குப் பக்கத்தில் நீலப் பால்பாயிண்டில் விடை. பின்னிணைப்பில் மார்க்கிங் ஏதும் இல்லை.

“101 பக்கங்களில் மார்க்கிங்” என்று மொத்தமாகச் சொன்னால் நூல் பாழாகிவிட்டதாகத் தோன்றும். “12 சதவீதம்” என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். இரண்டுமே வாங்குபவருக்கு உதவாது. எந்த இடத்தில், எதனால் எழுதியது என்பதுதான் அவருக்கு வேண்டும். பாடத்தில் உள்ள அடிக்கோடு படிப்பவருக்கு இடைஞ்சல் இல்லை. முந்தையவர் நன்றாகப் படித்தவராக இருந்தால் உதவியாகவும் இருக்கும். பயிற்சிக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிய விடைதான் பெரிய குறை. கணக்கைப் போட்டுப் பார்க்கும் முன்பே விடை கண்ணில் பட்டுவிடும். அந்த விடை தவறாக இருந்தால் இன்னும் மோசம். திரும்பி வந்த நூலில் முப்பத்தெட்டு விடைகளையும் நூலின் கடைசியில் அச்சாகியிருந்த விடைகளோடு ஒப்பிட்டபோது ஐந்து தவறாக இருந்தன.

எழுதிய கருவியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றின் பாதிப்பும் வேறு. இந்திய மலிவுப் பதிப்புகளின் தாள் மெல்லியது. அதில் ஹைலைட்டர் மறுபக்கம் கசிந்து, எழுதாத பக்கத்திலும் மஞ்சள் நிழல் விழும். 61 பக்கம் என்று எண்ணும்போது நிழல் மட்டும் விழுந்த பக்கங்களைத் தனியாக வைத்தோம், அவை வேறு 20. பால்பாயிண்ட் கசியாது, ஆனால் அழுத்தி எழுதினால் மறுபக்கம் தடவிப் பார்த்தால் மேடு தட்டும். ஜெல் பேனா ஈரம் பட்டால் பரவும், அதன் மேல் ஹைலைட்டர் ஓட்டினால் மை இழுபடும். பென்சிலை அழிக்கலாம் என்று எழுதும் முன் ஓர் ஓரத்தில் மென்மையான ரப்பரால் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். அழுத்தி எழுதிய பென்சில் அழிந்தாலும் பள்ளம் நிற்கும், சாய்ந்த வெளிச்சத்தில் அப்படியே வாசிக்கலாம்.

விற்கும் முன் விடைகளை வெள்ளை மை பூசி மறைக்கலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. வெள்ளை மை முழுதும் காயும் முன் நூலை மூடினால் எதிர்ப் பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அச்செழுத்தோடு பிய்ந்து வரும். காய்ந்த பிறகும் மெல்லிய தாளில் அது வெடித்துத் தூளாகும். பென்சில் விடையாக இருந்தால் அழிக்கலாம். பேனா விடையை அப்படியே விட்டு, குறிப்பில் எழுதி, விலையைக் குறைப்பதுதான் சரி.

இந்தத் துறையில் கிளை விஷயம் ஒன்று உண்டு. தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதிக்கும் தரவு நூல்கள், நீராவி அட்டவணைகள் போன்றவற்றை விற்கும்போது ஒரே ஒரு பக்கத்தில் பென்சிலால் ஒரு சூத்திரம் இருந்தாலும் அந்தப் பக்க எண்ணையே எழுதிவிட வேண்டும். அறைக் கண்காணிப்பாளர் புரட்டிப் பார்த்தால், அது யார் எழுதியது என்ற கேள்வி வாங்கியவரிடம்தான் வரும். “சில இடங்களில் மார்க்கிங்” என்ற சொல் அங்கே ஒருவரின் தேர்வையே கெடுக்கும்.

முன்தாளில் முந்தையவரின் பெயர், கல்லூரிப் பதிவெண், கைபேசி எண் எல்லாம் இருந்தன. குறிப்பில் “முன்தாளில் பெயரும் எண்ணும் பேனாவால்” என்று எழுதினால் போதும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடக் கூடாது.

“கண்டிஷன்” என்பது அட்டையல்ல

மூன்றாவது குறைதான் வாங்கியவருக்கே புரியாத குறை. நடுவில் விரித்தாலும் சமன்பாட்டு எண் தெரியவில்லை என்றார் அவர். நூலின் முதுகைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது: உள்ளூர் பைண்டரிடம் மறுபடி கட்டப்பட்ட நூல் இது.

மலிவுப் பதிப்புகள் பெரும்பாலும் பசைக் கட்டு. தாள்களின் முதுகோரத்தைச் சீவி, சூடான பசையில் ஒட்டி, அட்டையை மேலே போர்த்தியிருப்பார்கள். அந்தப் பசை வருடங்கள் போகப் போக இறுகி நொறுங்கும். செட்டிநாட்டு வெயிலில் ஓட்டுக்கடியில் உள்ள பரணில், தகரப் பெட்டிக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் முதுகு விரிசல் விட்டு, தாள்கள் கொத்தாகக் கழன்று வரும். பைண்டர் என்ன செய்கிறார்? கழன்ற தாள்களை அடுக்கி, முதுகோரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழாகத் துளையிட்டு நூலால் தைத்து, மூன்று பக்கமும் கத்தி போட்டுச் சமமாக்குகிறார். கட்டு உறுதியாகிவிடும், இனிமேல் ஒரு தாளும் கழலாது. ஆனால் நூல் மேசை மேல் தட்டையாக விரியாது, உள் ஓரம் தையலுக்குள் போய்விடும்.

இத்தகைய நூல்களில் சமன்பாட்டு எண் வரியின் வலக்கோடியில் இருக்கும். வலப்பக்கத் தாளில் வலக்கோடி என்பது வெளி ஓரம், அங்கே தெளிவாகத் தெரியும். இடப்பக்கத் தாளில் அதே வலக்கோடி முதுகை ஒட்டிய உள் ஓரம். தையலில் அதுதான் முதலில் மறையும். ஆகவே ஒற்றைப்படைப் பக்கங்களில் எண் தெரியும், இரட்டைப்படைப் பக்கங்களில் தெரியாது. “சமன்பாடு 3.18-ஐப் பார்க்க” என்று பாடம் சொல்லும், 3.18 எது என்று தெரியாமல் மாணவர் திணறுவார். மூன்றாம் அத்தியாயம் முழுக்க இரட்டைப்படைப் பக்கங்களில் நூலை வளைத்துப் பார்த்தால்தான் எண் கண்ணில் பட்டது.

அட்டை பளபளப்பாக இருப்பதைக் கண்டுதான் விற்றவர் “கண்டிஷன் நன்று” என்று எழுதினார். மறு பைண்டிங்கின்போது லேமினேஷனும் புதிதாகப் போட்டிருந்ததால் அது பளபளத்தது.

மறு கட்டாகாத நூலாக இருந்தால் கட்டைச் சோதிக்க இரண்டு வழி போதும். நூலை முதுகு கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்தி மெல்லக் கையை விட்டால் அது ஓரிடத்தில் விழுந்து திறக்கும். இரண்டு மூன்று முறை செய்தும் ஒரே பக்கத்தில் திறந்தால், அங்கே பசை விட்டுவிட்டது. அடுத்து, முதுகுக்கு எதிர் ஓரத்தை, அதாவது தாள்களின் வெளி விளிம்பை, பக்கவாட்டில் பாருங்கள். ஒரு தாளோ ஒரு கொத்தோ கொஞ்சம் முன்னே துருத்தியிருந்தால் அது கழலும் வழியில் இருக்கிறது. இழுத்துப் பார்க்க வேண்டாம், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

தாள் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க எல்லாப் பக்க எண்ணையும் படிக்க வேண்டியதில்லை என்பார்கள் சிலர். தைத்த நூல் என்றால் அது ஓரளவு சரி. சேர்த்து மடித்த தாள் கொத்துகளாக, ஃபாரம் ஃபாரமாகக் கட்டியிருப்பதால் விடுபட்டால் கொத்தாகவே விடுபடும், ஃபாரத்தின் தொடக்கப் பக்கங்களைப் பார்த்தாலே போதும். பசைக் கட்டில் ஒற்றைத் தாளாகக் கழலும். மறு பைண்டிங் ஆன நூலில் தாள் இடம் மாறியும் தலைகீழாகவும் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே இங்கே ஒவ்வொரு தாளாகத்தான் எண்ண வேண்டியிருந்தது. விடுபட்ட தாள் இல்லை. ஆனால் 829-830 தாள் ஒரு காலத்தில் பிய்ந்து, பிறகு செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. நிறைவுற்ற நீரின் பண்புகள் அட்டவணை அந்தத் தாளில்தான் இருக்கிறது. இந்தப் பாடத்தில் பல கணக்குகளுக்கு அதைத் திறக்க வேண்டும். அதிகம் புரட்டிய தாள் பிய்ந்ததில் வியப்பில்லை. டேப் பழுப்பேறி, ஓரம் பிசுபிசுத்துப்போயிருந்தது. நல்லவேளையாக அது எண்கள் மேல் ஏறவில்லை.

பூச்சியையும் ஈரத்தையும் இந்த ஊர் நூல்களில் கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்று வகை அரிப்பையும் தடம் பார்த்துப் பிரிக்கலாம். மேல்தோலைச் சுரண்டியது போலவும், ஓரங்களில் ஒழுங்கில்லாமலும் தின்றிருந்தால் இராமபாணப் பூச்சி. வட்டமான சின்னத் துளை பல தாள்களைக் குடைந்து நேராகப் போனால் வண்டுப் புழு. மண் ஒட்டி, தாள்கள் கொத்தாகக் காணாமல் போயிருந்தால் கரையான். முதலாவது பெரும்பாலும் ஓரத்தோடு நின்றுவிடும். கரையான் பிடித்த நூலைப் பாடநூலாக விற்கவே கூடாது. துளை இருந்தால் உயிருள்ள பூச்சி உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வெள்ளைத் தாள் மேல் நூலை வைத்துத் தட்டி, விழும் தூளைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் அப்படியே வையுங்கள். மறுபடி மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த நூலை அனுப்பினால் வாங்குபவரின் அலமாரி முழுக்கப் பரவும். நமது நூலில் கடைசி முப்பது தாள்களின் மேல் ஓரத்தில் இராமபாணம் சுரண்டிய தடம் இருந்தது, எழுத்து வரை வரவில்லை. வாரம் கழித்தும் தூள் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் வாங்கிய நூலை விற்கும் முன் முற்றத்து வெயிலில் காய வைக்கிறார்கள். வாடை போய்விடும், ஆனால் அட்டை மேல்நோக்கிச் சுருளும், மேல் தாள்கள் பழுக்கும், பசை இன்னும் வறளும். நிழலில், காற்றோட்டமான வளவு வாசலில், தாள்களை விசிறி போல விரித்து நிற்க வைத்துக் காய வைப்பதே நல்லது. பூஞ்சணத்தை அந்துருண்டை வாடையால் மறைத்த நூலை மூடிய பைக்குள் ஒரு நாள் வைத்துத் திறந்தால் இரண்டு வாடையும் பிரிந்து தெரியும். இந்த நூலில் அந்துருண்டை வாடை மட்டும் இருந்தது. அதையும் குறிப்பில் எழுதினோம், ஏனென்றால் அந்த வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

விற்பனைத் தளங்கள் “புதிது போல”, “மிக நன்று”, “நன்று”, “பயன்படுத்தலாம்” என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். எல்லாக் குறைகளையும் சராசரி பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு. வாசிப்பதற்கு இடைஞ்சலான மிக மோசமான ஒரு குறை எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் நூலின் நிலை. இங்கே அந்தக் குறை தையலில் மறைந்த சமன்பாட்டு எண்கள். ஆகவே “பயன்படுத்தலாம்” என்பதைத் தாண்டி வைக்க முடியாது, அட்டை எவ்வளவு மினுங்கினாலும்.

திருத்தி எழுதிய குறிப்பு

“வெப்பப் பரிமாற்றம், ஆங்கில நூல், எஸ்.ஐ. அலகு. நான்காம் பதிப்பு (2011), 2017 மறுஅச்சு. ஐந்தாம் பதிப்பு அல்ல. அதில் பயிற்சிக் கணக்கு எண்கள் மாறுகின்றன. இந்திய மலிவுப் பதிப்பு, பேப்பர்பேக், 846 பக்கம், எடை 1 கிலோ 350 கிராம். ஐஎஸ்பிஎன் எண் படத்தில்.

நிலை: பயன்படுத்தலாம். பசைக் கட்டு விட்டு, பக்கத் தையலில் மறு பைண்டிங் ஆனது. கட்டு உறுதி, கழன்ற தாள் இல்லை, எல்லாப் பக்கமும் உண்டு. ஆனால் நூல் தட்டையாக விரியாது. இரட்டைப்படைப் பக்கங்களில் சமன்பாட்டு எண்கள் தையலை ஒட்டி மறைகின்றன, வளைத்துப் பார்க்க வேண்டும்.

மார்க்கிங்: 1 முதல் 4 வரையான அத்தியாயங்களில் 52 பக்கமும் பிறகு 9 பக்கமும் மஞ்சள் ஹைலைட்டர், மறுபக்க நிழல் 20 பக்கம். 40 பக்கத்தில் பென்சில், அழிக்கலாம். 3, 4-ஆம் அத்தியாயப் பயிற்சியில் 38 கணக்குக்கு நீலப் பேனாவில் விடை, அழியாது; அதில் 5 தவறு. 5-ஆம் அத்தியாயம் முதல் பயிற்சிகள் சுத்தம். முன்தாளில் பெயர், எண்.

வேறு குறை: 829-830 தாள் (நீரின் பண்புகள்) பிய்ந்து டேப்பால் ஒட்டியது. கடைசி 30 தாளின் மேல் ஓரத்தில் பழைய பூச்சிச் சுரண்டல், எழுத்தைத் தொடவில்லை. பூஞ்சணம் இல்லை. அந்துருண்டை வாடை உண்டு. ₹280.”

இதனோடு ஐந்து படம்: அட்டை, பதிப்புரிமைப் பக்கம், 3-ஆம் அத்தியாயப் பயிற்சியில் விடை அதிகமுள்ள பக்கம், ஓர் இரட்டைப்படைப் பக்கத்தின் உள் ஓரம், முதுகு. படங்களைக் காலை ஒன்பது மணிவாக்கில் முற்றத்தின் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தோம். நேர் வெளிச்சத்தில் பேனா அழுத்தமும் தாளின் நெளிவும் தெரியாது. ஃபிளாஷ் போட்டால் மஞ்சள் ஹைலைட்டர் வெளுத்து மறைந்தே போகும். மோசமான பக்கத்தைப் படமெடுப்பதில் தயங்க வேண்டாம். நல்ல பக்கத்தின் படத்தைப் பார்த்து வாங்கியவர்தான் திருப்பி அனுப்புகிறார்.

குறிப்பு வெளியான பின் ஒரே ஒரு கேள்வி வந்தது, வேறொரு மாணவியிடமிருந்து: “அண்ணா, 829-ல டேப் ஒட்டின இடத்துல முதல் காலம் வெப்பநிலை முழுசா தெரியுதா? அத மட்டும் ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?” படம் போனது. டேப்பின் ஓரம் முதல் நெடுவரிசைக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளியே நின்றது. அன்று மாலையே ₹280-க்கு நூல் கைமாறியது.